அறநிதி மாலைத் தொண்டர்களுக்கு

(ஜூபிலி அறநிதி மாலைக்கு முந்தைய ஞாயிறன்று தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக நாம் நடத்தவிருக்கும் அறநிதி மாலைக்கு, உங்களில் ஐம்பது பேர் மனமுவந்து பெயர் கொடுத்திருக்கிறீர்கள். பாட்டும் நாடகமும் யார் பொறுப்பு என்பது மேடைக் குழுவினருக்குத் தெரியும். மேடைக்குக் கீழே யார் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது, எதிர்பாராதது நேர்ந்தால் யார் யாரை அழைப்பது என்ற மூன்றையும் சொல்லவே உங்கள் கைகளில் இந்த ஒரு தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படித் தயாரித்தோம், ஏன் அப்படித் தயாரித்தோம் என்பதை விளக்கவே இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம்.

முதலில் எங்கள் சொந்தக் குறை ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நடந்த இதைப் போன்ற ஒரு நிதி மாலையில் நாங்கள் சிலர் கைகொடுக்கப் போயிருந்தோம். அங்கும் தாள் இருந்தது. அதில் அறுபது பெயர்கள் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. "பந்தல் குழு: பதினைந்து பேர்", "வரவேற்புக் குழு: பத்துப் பேர்" என்று கண்டிருந்தது. இரவு எட்டரை மணிக்கு இடைவேளை. அதே எட்டரை மணிக்குத்தான் முதல் முறைத் தொண்டர்கள் போய் இரண்டாம் முறைத் தொண்டர்கள் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கடைப் பக்கம் நகர்ந்த வேளையில், பந்தலின் நடு வரிசையில் ஒரு பெரியவர் மயங்கிச் சரிந்தார். பழைய முறைக்காரர் போய்விட்டார். புது முறைக்காரர் இன்னும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஓடினார்கள். தாளின் அடியில் இருந்த எண்ணை அழைத்தபோது, அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியூர் போய்விட்ட ஒருவருடைய எண் என்று தெரிந்தது. நான்கு பேர் தனித்தனியே 108-ஐ அழைத்தார்கள். நாலு பேரும் நாலு விதமாக இடம் சொன்னார்கள். வண்டி வந்தபோது வாசலை மறித்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஆண்டவர் அருளால் அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இருபது நிமிடங்களை எங்களில் எவரும் மறக்கவில்லை.

வீடு திரும்பிய பின் அந்தத் தாளை மேசைமீது விரித்து வைத்துப் பார்த்தோம். அதில் ஆட்கள் குறைவு இல்லை. குறைந்தது வேறு. பதினைந்து பேரின் பெயர் ஒரே வேலைக்கு எதிரே இருந்தால், அந்த வேலைக்கு ஒருவரும் இல்லை என்றுதான் பொருள். ஒவ்வொருவரும் மற்றப் பதினான்கு பேரை நம்பியிருப்பார்கள். ஆகவே இந்த முறை நாங்கள் பெயர்களிலிருந்து தொடங்கவில்லை; இடங்களிலிருந்து தொடங்கினோம்.

திடலை ஒருமுறை சுற்றி நடந்து, ஆள் நிற்கவேண்டிய இடங்களைச் சுண்ணாம்பால் குறித்தோம். சாலையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் மூன்று. வாசலில் மூன்று. பந்தலுக்குள் ஐந்து. சாப்பாட்டுக் கடைகளில் மூன்று. பணம் வாங்கும் இரண்டு மேசைகளில் இரண்டிரண்டு பேராக நான்கு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு தாய்மார். ஆக இருபது இடங்கள். இந்த இருபதும் இரண்டு முறைகளாக நாற்பது பேர். இவற்றுக்கு மேல், மாலை முழுவதும் மாறாமல் இருக்கவேண்டியவர்கள் ஏழு பேர்: பொறுப்பாளர் ஒருவர், அவசர அழைப்பாளர் ஒருவர், மின்சாரத்துக்கு இருவர், முதலுதவிக்கு இருவர், அவசர வண்டி ஓட்ட ஒருவர். எவருக்கேனும் காய்ச்சல் வந்தால் ஈடுசெய்ய மூவர். இதுதான் ஐம்பது. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரே பெயர். "குழு" என்ற சொல்லே தாளில் கிடையாது.

இனி முறை மாறுவதைப் பற்றிச் சொல்லுகிறோம். இதுவே இன்றைய உரையின் உயிர்நாடி.

நம் கரையில் மூத்தவர்களுக்கு முத்துக் குளிப்பு நினைவிருக்கும். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக 1961-ல் நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் அடியில் இறங்குவார்; தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். கயிறு பிடித்தவருக்குக் கை வலிக்கலாம். அவருடைய நேரம் முடிந்துபோகலாம். ஆனாலும் இன்னொருவர் கை அந்தக் கயிற்றின்மேல் விழும்வரை அவர் விட முடியாது. நம்முடைய மாலையிலும் சட்டம் இதுதான். மணி அடித்தது என்பதற்காக ஒருவரும் தம் இடத்தை விட்டுப் போகக் கூடாது. மாற்று ஆள் எதிரே வந்து நின்ற பிறகுதான் போக வேண்டும். வராவிட்டால், நின்ற இடத்திலிருந்தே பொறுப்பாளருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் அந்த மூன்று மாற்றாட்களில் ஒருவரை அனுப்புவார்.

மாறும் நேரத்தையும் பார்த்து வைத்திருக்கிறோம். வாசல் மாலை 5.30-க்குத் திறக்கும். நிகழ்ச்சி 6.30-க்கு. சாப்பாட்டு இடைவேளை 8.30-க்கு. முடிவது 9.45. கூட்டம் எழுந்து நடமாடும் வேளைகள் மூன்று: உள்ளே வரும்போது, இடைவேளையில், கலையும்போது. இந்த மூன்று வேளைகளிலும் ஒருவரும் முறை மாறக் கூடாது. எல்லாரும் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் மாறிவிட வேண்டும். அப்போதும் எல்லாரும் ஒன்றாக அல்ல. சாலை ஆட்கள் 7.00-க்கு, பந்தல், கடை, குழந்தைகள் இடம் 7.20-க்கு, வாசலும் பண மேசையும் 7.40-க்கு. இப்படிச் செய்தால் திடலில் எந்த நிமிடத்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பழகின ஆட்களாகவே இருப்பார்கள். இரண்டாம் முறைக்காரர் தம் நேரத்துக்குக் கால் மணி முன்பே வந்து, முதல் முறைக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கால் மணியில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் கையில் என்ன இருக்கிறது? சாவியா, பெட்டியா, கைவிளக்கா? முடியாமல் நிற்பது என்ன? "மூன்றாம் வரிசையில் ஒரு பாட்டிக்குத் தலைசுற்றல், தண்ணீர் கொடுத்திருக்கிறேன், இன்னொரு முறை பாருங்கள்" என்பதைப் போல. எதைக் கவனிக்க வேண்டும்? "இந்தக் கால் அசைகிறது, பிள்ளைகள் சாய்கிறார்கள்" என்பதைப் போல. பிறகு போகிறவர் "விட்டேன்" என்பார். வந்தவர் "பிடித்தேன்" என்பார். சிரிக்காதீர்கள். இந்த இரண்டு சொற்களும் வாயால் சொல்லப்படாதவரை முறை மாறவில்லை என்றே கருத வேண்டும்.

அடுத்தது, கூட்டமும் நெருப்பும். நம் மாநிலத்திலேயே நடந்த இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்லுகிறோம்.

2004 ஜனவரி 23-ந் தேதி திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தது. மாடியில் தற்காலிகமாகக் கீற்றுக் கூரை வேய்ந்து, அதன் கீழ் முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ படம் எடுப்பதற்காக இழுத்த மின்கம்பியிலிருந்து கீற்றில் தீ பற்றியது. கீழே இறங்குவதற்கு இருந்தது குறுகலான படிக்கட்டு. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மணமகனும் அவர்களில் ஒருவர். இந்தச் செய்தியிலிருந்து தொண்டர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. கடைசி நேரத்தில் ஒருவர் கொண்டுவரும் கூடுதல் விளக்கும் கூடுதல் கம்பியும்தான் ஆபத்து. மக்கள் ஓடும் வழி ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. ஆகவே மின்சாரப் பொறுப்பாளர் இருவரின் அனுமதி இல்லாமல், படம் பிடிக்க வருகிறவரானாலும் ஐஸ் கடைக்காரரானாலும், பந்தலில் எவரும் ஒரு கம்பியும் இணைக்கக் கூடாது. அந்த இருவரில் ஒருவர் எப்போதும் ஜெனரேட்டரின் முதன்மை நிறுத்தியின் அருகிலேயே இருப்பார். மற்றவர் சாப்பிடப் போனாலும் அவர் போகக் கூடாது. கம்பியில் தீப்பொறி கண்டால் முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது, இரண்டாவது மணல். ஓட்டம் நிற்காத கம்பிமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடற்கரையில் பிறந்த நமக்கு மணலுக்குக் குறைவில்லை. பந்தலின் நாலு மூலையிலும் மூன்று மூன்று வாளியாகப் பன்னிரண்டு வாளி மணல் இருக்கும். அதில் எவரும் எச்சில் இலையைப் போடாமல் பார்த்துக்கொள்வது பந்தல் தொண்டரின் வேலை. சமையல் எரிவாயு உருளைகள் துணிக் கூரையின் கீழ் வரவே கூடாது. கடைகளின் பின்புறம், திறந்த வெளியில், நிமிர்த்தி வைக்கப்பட வேண்டும்.

பந்தலுக்குச் சாலைப் பக்கம், கோயில் பக்கம், கடல் பக்கம் என்று மூன்று வழிகள் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பந்தல் தொண்டர் பெயரால் பொறுப்பு. அவர் செய்ய வேண்டியது, அந்த வழியில் நாற்காலி போடவிடாமல் இருப்பதும், தேவைப்படும்போது கையை உயர்த்தி "இந்தப் பக்கம் வாருங்கள்" என்று அழைப்பதும்தான். மக்கள் தாங்கள் வந்த வழியாகவே திரும்பப் போக முண்டியடிப்பார்கள். மற்ற இரண்டு வழிகள் இருப்பதே அவர்களுக்கு நினைவு வராது. ஆள் நின்று அழைத்தால்தான் திரும்புவார்கள்.

இரண்டாவது சம்பவம் 2005 டிசம்பர் 18-ந் தேதி சென்னை எம்.ஜி.ஆர். நகரில் நடந்தது. வெள்ள நிவாரணச் சீட்டு வாங்க ஒரு பள்ளிக்கூடத்தின்முன் விடியுமுன்பே பெருங்கூட்டம் கூடியிருந்தது. மழை பெய்தது. கூட்டம் வாசலை நோக்கி நெருக்கியது. நாற்பத்திரண்டு பேர் மிதிபட்டும் நசுங்கியும் இறந்தார்கள். அங்கே தீ இல்லை, வெடி இல்லை. தர்மம் வாங்க வந்த எளியவர்கள் வாசலில் மாண்டார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசையில் நடப்பது தெரியாது, தெரியாமல்தான் தள்ளுகிறார். எனவே வாசல் தொண்டர் மூவரில் ஒருவர் வாசலில் நிற்கக் கூடாது. வரிசையின் வால்பக்கம் நிற்க வேண்டும். முன்னால் நெருக்கம் என்றால் முன்னால் இருப்பவர்களைப் பின்னால் தள்ளாதீர்கள். வாலில் நிற்பவர் அங்கிருந்தே மக்களை நிறுத்தி, பின்னோக்கி அழைக்க வேண்டும். நெருக்கம் மிகுந்ததை எப்படி அறிவது? மக்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றால், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டால், ஒருவர் அசைந்தால் பத்துப் பேர் சேர்ந்து அசைந்தால், உடனே வாசலை அகலத் திறந்துவிடுங்கள். சீட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். நூறு சீட்டு நஷ்டமானாலும் பரவாயில்லை.

மழை வந்தாலும், மின்சாரம் போனாலும், ஒலிபெருக்கியில் பேசும் உரிமை பொறுப்பாளர் ஒருவருக்கே உண்டு. "தீ", "ஓடுங்கள்" என்ற சொற்கள் ஒலிபெருக்கியில் வரவே கூடாது. "நிகழ்ச்சியைச் சற்று நிறுத்துகிறோம். கடைசி வரிசையில் இருப்பவர்கள் முதலில் எழுந்து, பக்கத்தில் உள்ள வழியாக நடந்து வெளியே செல்லுங்கள்" என்ற வாசகம் தாளின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை அப்படியே வாசிக்க வேண்டும். ஜெனரேட்டர் நின்றாலும் கேட்கும்படி கையில் பிடிக்கும் பாட்டரி ஒலிபெருக்கி ஒன்று அவரிடம் இருக்கும்.

இப்போது தாளின் அடிப்பகுதிக்கு வருவோம்: அவசரத் தொடர்புகள். 108 ஆம்புலன்ஸ், 101 தீயணைப்பு, 100 காவல்துறை, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது, யார் அழைப்பது என்பதே. நம் தாளில் அழைப்பாளர் ஒருவர்தான். அவர் முதலுதவி மேசைக்குப் பின்னால், ஒலிபெருக்கியின் சத்தம் எட்டாத இடத்தில், தொலைபேசிச் சைகை நன்றாக வரும் இடத்தில் இருப்பார். நீங்கள் எவரும் அவரைத் தேடி ஓட வேண்டாம். பக்கத்து இடத் தொண்டரை அனுப்புங்கள். நீங்கள் விழுந்தவர் பக்கத்திலேயே இருங்கள்.

அழைப்பாளர் சொல்ல வேண்டியதையும் எழுதி வைத்திருக்கிறோம். 108 அழைப்பு சென்னையிலுள்ள மையத்துக்குப் போகிறது. அங்கே பேசுகிற தம்பிக்கோ தங்கைக்கோ நம் ஊரின் ஆலமரமும் தெரியாது, ஐஸ் கம்பெனியும் தெரியாது. "தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டம், வேம்பார், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் பச்சைக் கொடியும் விளக்கும் பிடித்து ஆள் நிற்பார், அவர் வழிகாட்டுவார்" என்று சொல்ல வேண்டும். மாவட்டத்தின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்ட எல்லை நமக்கு மிக அருகில் இருப்பதால் குழப்பம் நேரலாம். பின்பு நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்பவை. அவர்கள் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது. அதன்பின் ஒரு காரியம் மிக முக்கியம்: புறப்பட்ட வண்டியிலிருந்து வழி கேட்டு அதே எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்பார்கள். ஆகவே அழைப்பாளரின் தொலைபேசியை வேறு எவரும் வாங்கிப் பேசக் கூடாது. உறவினருக்குச் செய்தி சொல்ல வேறொரு தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டும்.

சாலைத் தொண்டர் மூவரில் ஒருவரின் வேலை அந்தத் திருப்பத்தில் கொடி பிடித்து நிற்பது. மற்ற இருவரின் வேலை, திருப்பத்திலிருந்து முதலுதவி மேசைவரை ஒரு வண்டி அகலத்துக்கு வழியை மாலை முழுவதும் காலியாக வைத்திருப்பது. "இரண்டு நிமிடம் அண்ணாச்சி, இதோ எடுத்துவிடுகிறேன்" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர் நம் சொந்த மாமனாக இருந்தாலும் விடக் கூடாது.

ஆம்புலன்ஸ் வேறோர் அழைப்புக்குப் போயிருக்கலாம், வரத் தாமதமாகலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எனவே ஒரு வண்டி, முகம் சாலைப் பக்கம் திரும்பியபடி, எண்ணெய் நிரம்பி நிற்கும். அதை ஓட்டுகிறவர் சாவியைத் தம் பையிலேயே வைத்திருப்பார். அன்று மாலை சொட்டு மதுவும் தொடமாட்டார். அருகில் எந்த மருத்துவமனையில் அன்றிரவு மருத்துவர் இருக்கிறார் என்பதை முந்தின நாளே கேட்டு, அந்த எண்ணைத் தாளில் கையால் எழுதுவோம். தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் சனிக்கிழமை அழைப்பாளரே தம் தொலைபேசியிலிருந்து அழைத்துப் பார்ப்பார்; 108, 101 போன்ற அரசு எண்களை மட்டும் சோதனைக்காக அழைக்கக் கூடாது. எடுக்காத எண்ணை அடித்துவிடுவோம். தொண்டர்களின் சொந்த எண்கள் தொண்டர் தாளில் மட்டும் இருக்கும். விளம்பரத்திலோ வாசல் பலகையிலோ வரக் கூடாது, முக்கியமாக நம் பெண்பிள்ளைகளின் எண்கள்.

பிள்ளை ஒன்று தனியாக அழுதுகொண்டு நின்றால், குழந்தைகள் இடத்துத் தாய்மார் இருவரிடம் கொண்டு போங்கள். ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரையும் சட்டை நிறத்தையும் சொல்லக் கூடாது. "பிள்ளையைத் தேடுகிற பெற்றோர் நீலக் கொடி மேசைக்கு வருக" என்று மட்டும் சொல்லுவோம். வந்தவர் பிள்ளையின் பெயரையும் உடையையும் சொல்லட்டும்; பிள்ளையும் அவரைப் பார்த்துப் போகட்டும். பிறகு கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

கடைசியாகப் பணம். இந்த மாலையின் நோக்கமே நிதி. அதில் ஒரு சந்தேகச் சொல் பிறந்தால் அடுத்த ஆண்டு எவரும் கொடுக்கமாட்டார்கள். கொடுக்கிறவர்களும் கடலை நம்பி வாழ்கிறவர்கள்தாம். ஒவ்வொரு மேசையிலும் இருவர், வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் சீட்டுக் கிழிப்பார். மற்றவர் பணம் வாங்கிப் பெட்டியில் போடுவார். ஒரு முறைக்கு ஒரு பெட்டி. 7.40-க்கு முறை மாறும்போது மேசையில் பணம் எண்ணக் கூடாது. பழைய பெட்டியைப் பூட்டி, காகிதம் ஒட்டி, நால்வரும் கையெழுத்திட்டு, பொருளாளர் அறைக்கு இருவராகக் கொண்டு போக வேண்டும். புது முறைக்குப் புதுப் பெட்டி.

ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் முறையில் ஒரு மேசைக்கு 50 ரூபாய்ச் சீட்டு 1 முதல் 200 வரை கொடுக்கிறோம். 7.40-க்கு அடுத்துக் கிழிக்க வேண்டிய எண் 164. அதாவது 163 சீட்டு விற்றிருக்கிறது, 37 மீதம். பெட்டியில் 8,150 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது 8,100 இருந்தால், ஒரு சீட்டுக் குறை. அதுவும் இந்த மேசையில், இந்த முறையில். ஒருவேளை இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு கிழிந்திருக்கும். அடிக்கட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு முறைக்கும் ஒரே பெட்டி என்றால், அந்த 50 ரூபாய் நால்வர் தலையிலும் விழும். வீட்டுக்கு வீடு பேச்சாகும். தனிப் பெட்டி தொண்டரின் நல்ல பெயரைக் காக்கிறது.

இக்காலத்தில் பலர் தொலைபேசி வழியாகவே பணம் அனுப்புகிறார்கள். அதற்கான கட்டக் குறி அட்டை பங்கின் கணக்குக்கு உரியதாக மட்டுமே இருக்க வேண்டும். எந்தத் தனி ஆளின் கணக்கும் கூடாது. அட்டையின் மேல் வேறொன்றை எவரேனும் ஒட்டியிருக்கிறார்களா என்று முறை மாறும்போதெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். அனுப்பியவர் தம் தொலைபேசியில் காட்டும் படத்தை நம்பிச் சீட்டுக் கொடுக்காதீர்கள். பங்கின் கணக்கோடு இணைந்த தொலைபேசி மேசைமீது இருக்கும், அதில் வரவு வந்த பின் கொடுங்கள்.

இவ்வளவையும் அடக்கிய தாள் இதுதான்:

சாலையும் வண்டிகளும் (எண் 1–3): முதல் முறை 4.30–7.00, இரண்டாம் முறை 6.45–10.30.

வாசல் (எண் 4–6): முதல் முறை 4.30–7.40, இரண்டாம் முறை 7.25–10.30. எண் 6 வரிசையின் வாலில்.

பந்தல் (எண் 7–11): முதல் முறை 4.30–7.20, இரண்டாம் முறை 7.05–10.30. எண் 7, 8, 9 மூன்று வழிகளில்.

கடைகள் (எண் 12–14): பந்தலுக்குச் சொன்ன நேரமே.

பண மேசைகள் (எண் 15–18): வாசலுக்குச் சொன்ன நேரமே.

குழந்தைகள் இடம் (எண் 19–20): பந்தலுக்குச் சொன்ன நேரமே.

மாலை முழுவதும்: பொறுப்பாளர், அழைப்பாளர், மின்சாரம் இருவர், முதலுதவி இருவர், அவசர வண்டி. மாற்றாட்கள் மூவர், பொறுப்பாளர் அருகில்.

அவசரம்: பக்கத்துத் தொண்டர் வழியாக அழைப்பாளருக்கு. அழைப்பாளர் 108, 101, 100, 112, 1098.

உங்கள் எண்ணை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் இடம், உங்கள் நேரம், உங்களிடமிருந்து பிடிக்கப்போகிறவர் பெயர், அழைப்பாளர் உட்காரும் இடம் ஆகிய நான்கும் தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் அரை மணி நேரம் எல்லாரும் திடலுக்கு வர வேண்டுகிறோம். அவரவர் எண்ணில் போய் நிற்போம். பந்தலின் நடுவில் ஒருவரை உட்கார வைத்து, "இவர் மயங்கிவிட்டார்" என்போம். செய்தி அழைப்பாளருக்குப் போய், திருப்பத்தில் நிற்பவர் விளக்கை அசைத்து, அவசர வண்டி மேசைமுன் வந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்ப்போம். எந்த இடத்தில் தடங்கல் வருகிறதோ அந்த இடத்தில் தாளைத் திருத்துவோம். ஞாயிறன்று காலையில் திருத்திய தாள்தான் செல்லும். பழைய தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்வோம், இரண்டு விதத் தாள் ஒரே திடலில் இருக்கக் கூடாது என்பதற்காக.

மாலை முடிந்து கடைசி நாற்காலி மடக்கப்பட்ட பின், பொறுப்பாளர் ஐம்பது பேரையும் ஒவ்வொருவராக அழைப்பார். "விட்டேன்" என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகே வீடு போகலாம். எவரிடமிருந்தாவது பதில் வராவிட்டால், அவரைத் தேடிக் கண்ட பின்தான் விளக்கை அணைப்போம்.

சனிக்கிழமை திடலில் சந்திப்போம்.